12 மாத லாக்-இன், 5 மாதத்தில் விலகினால் திரும்பி வருவது எவ்வளவு? (கோத்தகிரி, ஃபைபர்)

அரவேணு_வாசி

வணக்கம். அரவேணுவில் இருந்து எழுதுகிறேன். கோவையில் உள்ள ஓர் ஆடிட்டர் ஆபீசுக்கு வீட்டிலிருந்தே கணக்கு வேலை பார்க்கிறேன். நெட் இல்லையென்றால் வேலையே இல்லை.

ஜூலை தொடக்கத்தில் ஃபைபர் கனெக்‌ஷன் போட்டேன். 100 எம்பிபிஎஸ், மாதம் 799 ரூபாய். பத்து மாதப் பணத்தை மொத்தமாகக் கட்டினால் பன்னிரண்டு மாதம் ஓடும் என்றார்கள். 7,990 ரூபாய், அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டி, ஆக 9,428.20 ரூபாய் கட்டினேன். இன்ஸ்டாலேஷன் 1,500 ரூபாய் தள்ளுபடி, ரவுட்டர் இலவசம் என்று நோட்டீசில் இருந்தது. லைன் இழுக்க வந்த உள்ளூர் ஆள், "லாக்-இன் எல்லாம் ஒன்றும் இல்லை அக்கா, எப்ப வேண்டுமானாலும் நிறுத்திக்கலாம்" என்றுதான் சொன்னார். பிறகு என் போனுக்கு ஒரு ஓடிபி வந்தது, அதைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

முதல் இரண்டு மாதம் நன்றாக இருந்தது. அப்புறம் சாயங்காலம் எட்டு மணிக்கு மேல் 14, 15 எம்பிபிஎஸ்தான் வருகிறது. நவம்பர் மழையில் குஞ்சப்பணைப் பக்கம் மரம் விழுந்து லைன் அறுந்தது. 17 நாள் நெட் இல்லை. அந்த நாட்களில் கோத்தகிரி டவுனில் ஒரு தெரிந்தவர் கடையில் உட்கார்ந்து வேலையை முடித்தேன்.

நவம்பர் கடைசியில் விலகுவதாக எழுதிக் கொடுத்தேன். ஏழு மாதம் மிச்சம் இருக்கிறது, ஏறக்குறைய 5,500 ரூபாய் திரும்ப வரும் என்று நினைத்தேன். கம்பெனி அனுப்பிய கணக்கு இது:

பயன்படுத்திய 5 மாதம், மாதம் 799 வீதம்: 3,995
இன்ஸ்டாலேஷன்: 1,500
முன்கூட்டியே விலகும் கட்டணம், 2 மாத வாடகை: 1,598
மொத்தம் 7,093, ஜிஎஸ்டி 1,276.74
திரும்பத் தருவது: 1,058.46

9,428 கட்டியதில் ஆயிரம் ரூபாய்தான் திரும்ப வருகிறது. இது சரியான கணக்குதானா? யாராவது இந்த மாதிரி வாங்கியிருக்கிறீர்களா?

கட்டபெட்டு_டீ

இது செல்லவே செல்லாது மேடம். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் விதிப்படி 90 நாள்தான் லாக்-இன். 90 நாள் தாண்டிவிட்டால் யாரும் உங்களைப் பிடித்து வைக்க முடியாது. இதை அப்படியே மெயில் போடுங்கள், முழுப் பணமும் வரும்.

பெருமாள்மலை

கொடைக்கானலில் நாங்கள் ஃபைபரை விட்டுவிட்டு 5ஜி ஏர்ஃபைபர் போட்டுவிட்டோம். மரம் விழுந்தாலும் கவலை இல்லை. டவர் கண்ணுக்கு எதிரே தெரிந்தால் கண்ணை மூடிக்கொண்டு எடுங்கள். பகலில் 150 வரை வருகிறது. பனிமூட்டமாக இருந்தாலும் ஓடுகிறது. டவர் இருக்கும் மின்கம்பத்து லைனில் கரண்ட் போனால் மட்டும் கொஞ்ச நேரத்தில் நின்றுவிடும்.

அரவேணு_வாசி

நன்றி. ஆனால் எதற்கு மாறுவது என்று நான் கேட்கவில்லை. பழைய கனெக்‌ஷனுக்குக் கட்டிய பணத்தைப் பற்றித்தான் கேட்கிறேன்.

உதகை_நுகர்வோர்

கட்டபெட்டு நண்பர் சொன்ன 90 நாள் மொபைல் நம்பர் போர்ட் செய்வதற்கான விதி. ஒரு கம்பெனிக்கு வந்து 90 நாள் ஆகாமல் அடுத்த கம்பெனிக்கு நம்பரைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. பிராட்பேண்டுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. அதை எழுதினால் எதிர்த்தரப்பு ஒரே வரியில் மறுத்துவிடும், மற்ற நல்ல வாதங்களும் அதோடு அடிபட்டுப் போகும். தயவுசெய்து அதை அனுப்ப வேண்டாம்.

அம்மா, மூன்று விஷயம் சொல்லுங்கள். அந்த ஓடிபி எதற்கு என்று மெசேஜில் என்ன இருந்தது? விண்ணப்பப் படிவத்தின் நகல் மெயிலில் வந்ததா? 17 நாளில் எத்தனை புகார் எண் வாங்கினீர்கள், ஒவ்வொன்றும் எப்போது மூடப்பட்டது?

அரவேணு_வாசி

ஓடிபி மெசேஜில், விண்ணப்பத்தையும் நிபந்தனைகளையும் ஏற்றுக்கொள்வதாக என்று இருக்கிறது. அன்று மாலையே மெயிலில் ஒரு பிடிஎஃப் வந்திருக்கிறது. அதில் 12 மாத லாக்-இன் இருக்கிறது. அதற்குள் சந்தாதாரர் விலகினால் தள்ளுபடிகள் திரும்பப் பெறப்படும், இரண்டு மாத வாடகை வசூலிக்கப்படும் என்று ஒரு பிரிவு. வேகம் "100 எம்பிபிஎஸ் வரை" என்று இன்னொரு பிரிவு. உள்ளூர் ஆள் வாயால் சொன்னது எதிலும் இல்லை.

புகார் எண் பல இருக்கின்றன. முதல் எண்ணைக் கொடுத்த மூன்றாம் நாளே "சரி செய்யப்பட்டது" என்று எஸ்எம்எஸ். லைன் வரவே இல்லை. திரும்பக் கூப்பிட்டால் புது எண். இப்படியே போனது. எல்லா எஸ்எம்எஸ்ஸும் அழிக்காமல் இருக்கிறது.

உதகை_நுகர்வோர்

அழிக்காமல் வைத்ததுதான் இந்த வழக்கில் பெரிய பலம்.

லாக்-இன்னே செல்லாது என்று வாதாட வேண்டாம். ஓடிபி கொடுத்தால் கையெழுத்துப் போட்ட மாதிரிதான். வருஷச் சந்தாவுக்குத் தள்ளுபடி கொடுத்து, பாதியில் விலகினால் அந்தத் தள்ளுபடியைத் திரும்பக் கேட்பதும் நியாயமாகத்தான் பார்க்கப்படும். நீங்கள் ஏழு மாதத்துக்கு 5,500 வரும் என்று நினைத்தீர்கள். அது 9,428-ஐப் பன்னிரண்டால் வகுத்த கணக்கு. பத்து மாத விலை பன்னிரண்டு மாதம் முழுக்க இருப்பவருக்குத்தான். ஆகவே பயன்படுத்திய மாதங்களை 799 வீதம் போட்டதில் நான் சண்டைக்குப் போக மாட்டேன்.

கேள்வி அதற்குக் கீழே உள்ள இரண்டு வரிகளில் இருக்கிறது. நீங்கள் சீக்கிரம் விலகியதால் கம்பெனிக்கு என்ன நஷ்டம்? ஒன்று, கொடுத்த விலைத் தள்ளுபடி. அதை 799 போட்டு ஏற்கெனவே எடுத்துவிட்டார்கள். இரண்டு, லைன் இழுத்த செலவு. அதை 1,500 போட்டு எடுத்துவிட்டார்கள். ரவுட்டரும் திரும்பப் போகிறது. அப்படியானால் அந்த 1,598 ரூபாய் எந்த நஷ்டத்துக்கு? ஒரே நஷ்டத்தை இரண்டு பெயரில் வசூலிக்கிறார்கள்.

1872-ம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 74-வது பிரிவு இதைப் பற்றித்தான் பேசுகிறது. ஒப்பந்தத்தில் ஓர் அபராதத் தொகை எழுதியிருந்தாலும், அந்தத் தொகை அப்படியே கிடைத்துவிடாது. நியாயமான இழப்பீடுதான் கிடைக்கும், எழுதிய தொகை அதற்கு உச்சவரம்பு மட்டுமே. 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும், ஒப்பந்த மீறலால் வந்த நஷ்டத்துக்குக் கொஞ்சமும் பொருந்தாத அபராதத்தை நியாயமற்ற ஒப்பந்தத்தின் அடையாளங்களில் ஒன்றாகச் சொல்கிறது, பிரிவு 2(46).

ஆகவே கடிதத்தில் "லாக்-இன் செல்லாது" என்று எழுதாமல், "விலைத் தள்ளுபடியையும் இன்ஸ்டாலேஷனையும் எடுத்த பிறகு 1,598 எந்த நஷ்டத்துக்கு என்று விளக்கவும்" என்று கேளுங்கள். பதில் சொல்ல அவர்களுக்குக் கஷ்டம்.

ஜிஎஸ்டி பற்றியும் யாராவது கேட்பார்கள். விலகும் கட்டணத்துக்கு ஜிஎஸ்டி போடுவது தவறில்லை, 2022 ஆகஸ்டில் வந்த வரித்துறைச் சுற்றறிக்கையே அப்படித்தான் சொல்கிறது. அந்தக் கட்டணம் போனால் அதற்கான வரியும் தானாகப் போய்விடும்.

கேபிள்காரன்_குன்னூர்

நான் குன்னூரில் கேபிளும் நெட்டும் நடத்துகிறேன். எங்கள் பக்கத்தையும் கேளுங்கள்.

கோயம்புத்தூரில் ஒரு தெருவில் கம்பத்திலிருந்து வீட்டுக்கு முப்பது மீட்டர் ஒயர் போதும். இங்கே ஒரு டீத் தோட்டத்துக்கு அந்தப் பக்கம் வீடு இருந்தால் நானூறு மீட்டர் இழுக்க வேண்டும். இழுக்கும் வழியில் சில்வர் ஓக் கிளைகள். கம்பத்துக்கு மின்வாரியத்துக்குக் கட்ட வேண்டும். குரங்கு பிடித்துத் தொங்கினால் திரும்பவும் போய் ஸ்ப்ளைஸ் போட வேண்டும். 1,500 ரூபாயில் இந்தச் செலவு வரவே வராது. ஒருவர் ஐந்து மாதத்தில் போய்விட்டால் நிஜமாகவே கை நஷ்டம். லாக்-இன் என்பது கொள்ளை அடிப்பதற்கு என்று எல்லோரும் நினைப்பது வருத்தமாக இருக்கிறது.

ஆனால் அந்த உள்ளூர் ஆள் "லாக்-இன் இல்லை" என்று சொன்னது ரொம்பத் தவறு. அவருக்குக் கனெக்‌ஷனுக்கு இவ்வளவு என்று கமிஷன். பில் போடுவது கம்பெனி. பிரச்சினை வந்தால் இருவரும் மாறி மாறிக் கையைக் காட்டுவார்கள்.

வேகம் பற்றி: சாயங்காலம் 14 என்கிறீர்கள். வைஃபையில் பார்த்தீர்களா, ஒயர் போட்டுப் பார்த்தீர்களா? ரவுட்டர் பக்கத்தில் ஃபைபர் ஒயர் வந்து சேரும் ஓஎன்டி பெட்டி இருக்கும் இல்லையா, அதன் செட்டிங் பக்கத்துக்குள் போய் `RX Power` என்று இருக்கும் எண் என்ன என்று சொல்லுங்கள், வந்து சேரும் சிக்னலின் அளவு அது.

உதகை_நுகர்வோர்

கேபிள்காரன் சார் சொல்வதில் உண்மை இருக்கிறது. 74-வது பிரிவும் நஷ்டம் இருந்தால் கொடுக்கத்தான் சொல்கிறது. நானூறு மீட்டர் இழுத்தவர் அந்தச் செலவைக் காட்டினால் நான் மறுக்க மாட்டேன். ஆனால் அது விண்ணப்பம் வாங்கும்போதே தெரிய வேண்டும். வாடகையின் மடங்காகப் போட்டால் அது செலவுக் கணக்கு ஆகாது.

அரவேணு_வாசி

எங்கள் வீடு மெயின் ரோட்டுப் பக்கம்தான் சார், கம்பம் கேட்டுக்கு வெளியே நிற்கிறது.

லேப்டாப்பில் ஒயர் போட்டுப் பார்த்தேன். `RX Power: -21.4 dBm` என்று காட்டுகிறது. காலை பத்து மணிக்கு வெளி ஸ்பீட் டெஸ்டில் 93. இரவு எட்டரைக்கு 14. ஆனால் அதே எட்டரைக்குக் கம்பெனி ஆப்பில் இருக்கும் டெஸ்டில் 92 காட்டுகிறது. இரண்டுக்கும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டேன்.

கேபிள்காரன்_குன்னூர்

நல்ல வேலை செய்திருக்கிறீர்கள். இந்த ரெண்டு படத்தில் எல்லாம் தெரிந்துவிடுகிறது.

வீட்டு ஃபைபரில் மைனஸ் 27 வரைக்கும் பெட்டி வேலை செய்யும். அதைத் தாண்டி மைனஸ் 28, 29 என்று போனால் லைன் விட்டு விட்டு வரும், LOS என்ற சிவப்பு லைட் எரியும். மழைக்கு அப்புறம் கிளை அழுத்தி ஒயர் மடங்கினால் அப்படித்தான் ஆகும். உங்களுக்கு மைனஸ் 21.4, அருமையான சிக்னல். காலையில் 93 வருகிறது. 100 எம்பிபிஎஸ் போர்ட்டில் அதற்கு மேல் காட்டாது. ஆக உங்கள் வீட்டு ஒயரில் ஒரு குறையும் இல்லை.

இரவு மட்டும் குறைகிறது என்றால், கீழே இருந்து மலைக்கு ஏறி வரும் பெரிய லைனில் இடம் இல்லை என்று அர்த்தம். பஸ் நல்ல பஸ், ரோடு நெரிசல். கம்பெனி ஆப்பில் 92 காட்டுகிறது ஏனென்றால் அந்த டெஸ்ட் சர்வர் மலையிலேயே, வீட்டு லைன்கள் எல்லாம் போய்ச் சேரும் அவர்கள் நோடிலேயே இருக்கும். நெரிசல் அதற்குக் கீழே.

ஆள் அனுப்பினால் என்ன செய்வார்? ஆப்பைத் திறந்து 92 காட்டி, கையெழுத்து வாங்கி, புகாரை மூடிவிடுவார். பகலில் வருவார், பகலில் எல்லாம் சரியாகத்தான் இருக்கும்.

உதகை_நுகர்வோர்

இதுதான் வேக வாக்குறுதியில் இருக்கும் ஓட்டை. டிராய் 2006-ல் கொண்டுவந்த பிராட்பேண்ட் தர விதியில், சந்தா கட்டிய வேகத்தில் 80 சதவீதத்துக்கு மேல் கிடைக்க வேண்டும் என்று இருந்தது. ஆனால் அளப்பது கம்பெனி நோடிலிருந்து சந்தாதாரர் வீடு வரை. நோடுக்கு அந்தப் பக்கம் நெரிசலாக இருந்தால் அந்த அளவுகோலில் அது தெரியாது. நோடுக்கு அந்தப் பக்கம் உள்ள மேல் லைன் உச்ச நேரத்தில் 80 சதவீதத்துக்கு மேல் நிரம்பக் கூடாது என்று அதே விதியில் வேறு அளவுகோல் இருந்தது. ஆனால் அந்த எண் கம்பெனி டிராய்க்குக் கொடுக்கும் அறிக்கையில் இருக்கும். நமக்குத் தெரியாது. 2024 அக்டோபரிலிருந்து மொபைலுக்கும் பிராட்பேண்டுக்கும் சேர்த்துப் புதிய தர விதிகள் வந்துவிட்டன. வீட்டில் உட்கார்ந்து மேல் லைனை அளக்கச் சந்தாதாரருக்கு இப்போதும் வழி இல்லை.

ஆகவே "100 வரவில்லை" என்று மட்டும் எழுதினால் தோற்போம். "100 வரை" என்ற சொல் அவர்களைக் காப்பாற்றும். இப்படி எழுதுங்கள்: ஒயரில் அளந்தது, சிக்னல் -21.4 dBm, கம்பெனி சர்வருக்கு 92, அதே நிமிடத்தில் வெளி சர்வருக்கு 14, வெவ்வேறு நாட்களில் இதே நேரத்தில் இதே நிலை. புகாரை "லைன் கோளாறு" என்று பதிய விடாதீர்கள். "மாலை நேர வேகக் குறைவு, மேல் லைன் நெரிசல்" என்றே பதியச் சொல்லுங்கள். கோளாறு என்று பதிந்தால் ஆள் வந்து லைன் சரி என்று மூடிவிடுவார், அவர் சொன்னதும் உண்மையாகவே இருக்கும்.

கூடலூர்_மழை

என் கதையும் கேளுங்கள். போன் சேர்த்துக் கொடுக்கும் போஸ்ட்பெய்ட் பிளான் எடுத்தேன், 24 மாதம். எங்கள் தேவாலா பக்கம் சிக்னலே இல்லை. போர்ட் செய்யலாம் என்று 1900-க்கு மெசேஜ் போட்டால் கோட் வரவில்லை. பாக்கி ஒரு ரூபாய் இல்லை. 90 நாளும் தாண்டிவிட்டது. ஏன் மறுக்கிறார்கள்? அக்காவின் பிரச்சினையும் இதுவும் ஒன்றுதானே?

உதகை_நுகர்வோர்

பாதி ஒன்று. போர்ட் மறுக்கச் சில காரணங்கள் விதியிலேயே இருக்கின்றன. ஒப்பந்தத்தில் விலகும் பிரிவு இருந்து அதன்படி நடக்காவிட்டால் மறுக்கலாம் என்பது அதில் ஒன்று. போனுக்குரிய பாக்கித் தொகையை அந்தப் பிரிவின்படி கட்டினால் கோட் வரும். அதாவது மொபைலிலும் 90 நாள் முடிந்தால் சுதந்திரம் என்பது முழு உண்மை இல்லை. உங்களுடையதில் போன் விலை என்கிற நிஜக் கடன் இருக்கிறது. அரவேணு அம்மாவுக்கு அது இல்லை. மறுத்த காரணத்தை எழுத்தில் கேளுங்கள், முதலில் அதை வாங்குங்கள்.

சரி, 17 நாளுக்கு வருவோம். கோளாறு மூன்று வேலை நாளைத் தாண்டினால் வாடகைக் கழிவு உண்டு என்பது 2006-லிருந்தே இருக்கிறது. ஏழு வேலை நாள் வரை என்றால் ஏழு நாள் வாடகை, பதினைந்து வரை என்றால் பதினைந்து நாள் வாடகை, அதற்கு மேல் ஒரு மாத வாடகை. 2024 விதிகளும் மூன்று நாளுக்கு மேல் போனால் நிவாரணம் என்கின்றன. இடையில் பொய்யாக மூடிய புகார் எண்கள் இருப்பதால் கம்பெனி இதைப் பல தனித்தனிக் கோளாறு என்று சொல்லும், ஒவ்வொன்றும் மூன்று நாளுக்குள் முடிந்தது என்று காட்டும். அதை உடைக்க ரவுட்டரின் பதிவும், மூடிய அன்றே நீங்கள் திரும்பப் புகார் செய்த எஸ்எம்எஸ்ஸும் போதும்.

கேபிள்காரன்_குன்னூர்

இங்கே நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். 17 நாள் காலண்டரில். வேலை நாளாக எண்ணினால் பதினைந்தைத் தாண்டாது, ஞாயிறு கழித்தால் பதினைந்தே வருமா என்று பாருங்கள். அதோடு மரம் விழுந்தது இயற்கைப் பேரிடர். குஞ்சப்பணை ரோடு மூடியிருந்தால் நான் எப்படிப் போய் ஒட்டுவேன்? பேரிடருக்கு நிவாரணம் கிடையாது என்று அதே 2024 விதியில் இருக்கிறது.

உதகை_நுகர்வோர்

நாட்கணக்கில் நீங்கள் சொல்வது சரியான கேள்வி. ஞாயிறைக் கழித்தால் பதினைந்து வருகிறது, அப்படியானால் பதினைந்து நாள் வாடகைதான். புதிய விதியில் எப்படி எண்ணுகிறார்கள் என்பதில் கம்பெனிகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாகச் சொல்கின்றன. கேட்கும்போது ஒரு மாதம் கேட்பதில் தவறில்லை.

பேரிடர் விலக்கு, மாவட்ட அளவில் 24 மணி நேரத்துக்கு மேல் நெட்வொர்க் படுத்துவிட்டால் கொடுக்கும் கழிவைப் பேசும் இடத்தில் வருகிறது. ஒரு வீட்டு லைன் கோளாறுக்கும் அது பொருந்துமா என்பதில் எனக்கும் உங்களுக்கும் வேறு வேறு கருத்து இருக்கலாம். ஆனால் நவம்பரில் நீலகிரியில் மரம் விழுவது யாருக்கும் எதிர்பாராத விஷயம் இல்லை. ரோடு திறந்த தேதி எது, லைன் வந்த தேதி எது? இடைவெளி இருந்தால் அந்த நாட்களுக்கு மரத்தைக் காட்ட முடியாது.

அரவேணு_வாசி

ரோடு இரண்டு நாளில் திறந்துவிட்டது. பேருந்தும் ஓடியது. எங்களோடு அறுந்த வேறு கம்பெனி லைன் நான்காம் நாளே வந்துவிட்டது, பக்கத்து வீட்டில் பார்த்தேன்.

கேபிள்காரன்_குன்னூர்

அப்படியானால் நான் சொன்னதை வாபஸ் வாங்க வேண்டியதுதான். அந்த கம்பெனியில் ஆள் பற்றாக்குறை.

உதகை_நுகர்வோர்

அவர்கள் கணக்கை அவர்கள் விலையிலேயே திருத்திப் பார்ப்போம். பயன்படுத்திய மாதத்தை 799 வீதம் போட்டால், கொடுக்காத மாதத்தையும் 799 வீதம்தான் கழிக்க வேண்டும். வசூலுக்கு ஒரு விலை, கழிவுக்கு ஒரு விலை என்று வைக்க முடியாது.

3,995-இல் ஒரு மாதம் கழித்தால் 3,196. இன்ஸ்டாலேஷன் 1,500 பன்னிரண்டு மாதத்துக்கு ஆனது, நீங்கள் ஐந்து மாதம் இருந்துவிட்டீர்கள், மிச்சம் 7 மாதத்துக்கு 875. விலகும் கட்டணம் இல்லை. மொத்தம் 4,071, வரியோடு 4,803.78. கட்டியதில் கழித்தால் 4,624.42 உங்களுக்கு வர வேண்டும். இதைக் கேளுங்கள். அவர்கள் இன்ஸ்டாலேஷனை முழுதாக எடுப்போம் என்றால் 3,886.92. அதற்குக் கீழே இறங்க வேண்டாம்.

முதலில் புகார் மையம், அங்கே தீராவிட்டால் அதே கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரி. 2012 விதிப்படி ஒவ்வொரு கம்பெனியும் அப்படி ஒருவரை வைக்க வேண்டும். 30 நாளுக்குள் முறையிட வேண்டும், 39 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும், கட்டணம் கிடையாது. டிராய்க்கு எழுதினால் அது தனிநபர் புகாரை விசாரிக்காது, கம்பெனிக்கே அனுப்பிவிடும். மேல்முறையீட்டுக்கு முன் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்கும் ஒரு போன் போட்டுப் பதிந்துவையுங்கள்.

கட்டபெட்டு_டீ

90 நாள் விஷயம் தெளிவானது. ஆனால் மூவாயிரம் ரூபாய்க்கு யார் கோர்ட்டுக்கு அலைவது? டெலிபோன் கம்பெனி மேல் நுகர்வோர் கோர்ட்டே போக முடியாது என்று ஒரு வக்கீல் சொன்னார்.

உதகை_நுகர்வோர்

அவர் சொன்னது 2009 உச்ச நீதிமன்றத் தீர்ப்பை வைத்து. 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தொலைத்தொடர்புச் சேவைக்கும் நுகர்வோர் ஆணையம் போகலாம் என்று சொல்லிவிட்டது. இப்போது நாம் இருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், நமக்கு ஊட்டியில். ஐந்து லட்சம் வரை கட்டிய சேவைக்குக் கட்டணம் இல்லை, ஆன்லைனிலும் போடலாம்.

ஒரு எச்சரிக்கை. ஒப்பந்தப் பிரிவே நியாயமற்றது என்று அறிவிக்கச் சொல்லும் அதிகாரம் மாவட்ட ஆணையத்துக்கு இல்லை, அது மாநில ஆணையத்தில் தொடங்குகிறது. ஊட்டியில் போடுவதென்றால் "சேவைக் குறைபாடு" என்று போடுங்கள்: 17 நாள், பொய்யாக மூடிய புகார்கள், மாலை வேகம். குறைபாடு அவர்கள் பக்கம் என்று வந்துவிட்டால், விலகியது உங்கள் மனமாற்றத்தால் இல்லை என்று ஆகிறது. விலகும் கட்டணத்துக்கு அடிப்படையே போய்விடும்.

அரவேணு_வாசி

தகவல் சொல்ல வந்தேன். புகார் மையம் பழைய கணக்கையே திரும்ப அனுப்பியது. மேல்முறையீட்டில் நீங்கள் சொன்ன மாதிரி எழுதினேன். 1,598 எந்த நஷ்டத்துக்கு என்ற கேள்வியை முதல் வரியிலேயே வைத்தேன். பதிலில் அந்தக் கேள்விக்கு விளக்கம் இல்லை, ஆனால் "நல்லெண்ண அடிப்படையில்" அந்தக் கட்டணத்தை ரத்து செய்திருக்கிறார்கள். ஒரு மாத வாடகையும் கழித்திருக்கிறார்கள். இன்ஸ்டாலேஷன் 1,500 முழுதாக எடுத்துக்கொண்டார்கள். 3,886.92 வங்கிக்கு வந்துவிட்டது.

வேகத்தைப் பற்றி, பரிசோதனையில் திட்ட வேகம் கிடைப்பதாக ஒரு வரி மட்டும். அவர்கள் ஆப் டெஸ்டைத்தான் இணைத்திருக்கிறார்கள்.

இப்போது ரவுட்டரை வாங்க ஆள் வருகிறேன் என்கிறார். அதே உள்ளூர் ஆள்தான். கொடுத்துவிடலாமா?

கேபிள்காரன்_குன்னூர்

கொடுங்கள், ஆனால் ரசீது இல்லாமல் கொடுக்காதீர்கள். பெட்டியின் அடியில் இருக்கும் சீரியல் எண்ணை அவர் முன்னாலேயே படம் எடுங்கள். அடாப்டரையும் சேர்த்துக் கொடுங்கள், அது இல்லை என்று பெட்டியையே வரவில்லை என்று போட்டவர்கள் உண்டு. ரசீதுப் புத்தகம் இல்லை என்பார். அவர் போனிலிருந்து உங்கள் நம்பருக்கு "இந்த எண் பெட்டி பெற்றேன்" என்று வாட்ஸ்அப் அனுப்பச் சொல்லி, அதை வாங்கிய பிறகு பெட்டியைக் கையில் கொடுங்கள்.

கூடலூர்_மழை

இன்ஸ்டாலேஷனை 7/12 ஆகப் பிரிக்கலாமா கூடாதா என்று யாராவது ஆணையத்தில் போட்டுப் பார்த்ததுண்டா? என்னுடைய போன் பாக்கியும் கிட்டத்தட்ட அதே கேள்விதான்.

உதகை_நுகர்வோர்

என் கைக்கு வந்த வழக்குகளில் எல்லாமே அதற்கு முன்னாலேயே சமரசமாகிவிட்டன. உங்கள் மறுப்புக் காரணம் எழுத்தில் வந்ததும் இங்கே போடுங்கள், படித்துவிட்டுச் சொல்கிறேன்.